டாட்டியானாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை

1969 ஆகஸ்ட் 20. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கப்பல் வடிவமைப்பு படிக்க இந்தியாவிலிருந்து போயிருந்த பிரசன்ஜித் போத்தார் என்ற மாணவர், பல்கலைக்கழக மருத்துவமனையில் தனக்குச் சிகிச்சை தந்துவந்த உளவியலாளர் லாரன்ஸ் மூரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். ஒரு பெண்ணைக் கொல்லப்போகிறேன். அவள் பிரேசிலுக்குப் போயிருக்கிறாள், திரும்பி வந்ததும் செய்வேன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன விவரங்களை வைத்து அந்தப் பெண் யாரென்று கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. அவர் டாட்டியானா டாராசாஃப். நாட்டுப்புற நடன வகுப்பில் இருவருக்கும் பழக்கம். புத்தாண்டு இரவில் டாட்டியானா கொடுத்த ஒரு முத்தத்தைப் போத்தார் பெரிய உறவின் தொடக்கமாக எடுத்துக்கொண்டார். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொன்னதிலிருந்து போத்தாரின் மனநிலை சரியத் தொடங்கியது.

மூர் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மூத்த மனநல மருத்துவர்கள் இருவரிடம் கலந்து பேசினார், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகக் காவலர்களிடம் முதலில் வாய்மொழியாகச் சொன்னார், பிறகு காவல் தலைவருக்குக் கடிதம் எழுதினார். இவரை 72 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பரிசோதிக்க வேண்டும், பிடித்துக்கொண்டு வாருங்கள் என்பது கோரிக்கை. சில நேரம் இவர் தெளிவாகவே தெரிவார், சில நேரம் முழுக்கப் புத்தி பேதலித்தவராகத் தெரிவார் என்றும் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார்.

காவலர்கள் போத்தாரைப் பிடித்தார்கள். தெளிவாகப் பேசினார். அந்தப் பெண்ணை நெருங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். விட்டுவிட்டார்கள். அதன் பிறகு மனநலப் பிரிவின் தலைவர் ஹார்வி பவல்சன் தலையிட்டார். காவல் தலைவரிடமிருந்து மூரின் கடிதத்தைத் திரும்பக் கேட்டார். அதன் நகல்களையும் மூர் எழுதிவைத்திருந்த சிகிச்சைக் குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். போத்தாரைப் பரிசோதனைக்கு அனுப்ப இனி எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று உத்தரவிட்டார். போத்தார் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். டாட்டியானாவின் சகோதரரோடு சேர்ந்து, அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியேறினார். டாட்டியானா ஊர் திரும்பிய பிறகு, அக்டோபர் 27 அன்று, அவர் வீட்டுக்கே போய்க் கொன்றார். காவல்துறையை அழைத்ததும் போத்தார்தான்.

மனநல மருத்துவம் படிப்பவர்களும் சட்டம் படிப்பவர்களும் உலகெங்கும் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பதா, இன்னொருவர் உயிரைக் காப்பதா என்ற இழுபறிக்கு உதாரணமாக இது பாடங்களில் வருகிறது. எனக்கு அந்தத் தலைப்பு பொருந்துவதாகத் தோன்றவில்லை. போத்தாரின் ரகசியம் ஆகஸ்டிலேயே வெளியே வந்துவிட்டது. இரண்டு மனநல மருத்துவர்கள், துறைத் தலைவர், காவல் தலைவர், அவருடைய காவலர்கள் என்று இத்தனை பேருக்கு அது தெரியும். ரகசியத்தை மீறியதால் வரக்கூடிய நஷ்டம் முழுவதும் வந்து சேர்ந்தது. நோயாளிக்கு நம்பிக்கை போயிற்று, சிகிச்சை நின்றது, அவரைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரே ஆளின் பார்வையிலிருந்தும் விலகிப்போனார். மீறலால் கிடைக்கவேண்டிய பலன் மட்டும் கிடைக்கவில்லை. யாருடைய உயிருக்கு ஆபத்தோ அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர் பெற்றோரிடமும் சொல்லவில்லை. ஆகவே, மீறலாமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. மீறுவதென்றால் யாரிடம், எவ்வளவு, எப்போது, அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் சிக்கலெல்லாம் இருக்கிறது.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974-ல் ஒரு தீர்ப்பும், மறுவிசாரணைக்குப் பிறகு 1976-ல் இன்னொரு தீர்ப்பும் தந்தது. ஏன் எச்சரிக்கவில்லை என்ற கேள்வி இவ்வளவு பெரிதாக வந்ததற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. போத்தாரை மருத்துவமனையில் அடைத்துவைக்காமல் விட்டதற்காக அரசு ஊழியர்களான அந்த மருத்துவர்கள்மேல் நஷ்டஈடு கேட்க முடியாது. அந்த மாநிலச் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தந்திருந்தது. எச்சரிக்காமல் விட்டதற்கு அப்படிப் பாதுகாப்பு இல்லை. திறந்திருந்த ஒரே வாசல் அதுதான் என்பதால் வழக்கு முழுவதும் அதன் வழியாகவே போயிற்று.

மருத்துவருக்கும் டாட்டியானாவுக்கும் எந்த உறவும் இல்லை, முகம்கூடத் தெரியாது. அவருக்கு மருத்துவர் எப்படிக் கடன்பட்டவர் ஆவார்? நீதிபதி மாத்யூ டோப்ரினர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இதற்குப் பதில் தேடத் தொற்றுநோய் வழக்குகளுக்குப் போகிறது. அம்மை போட்ட நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், அவரோடு புழங்குகிறவர்களுக்கு நோய் பரவாமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்பது பழைய சட்டம். நோயாளியோடு உள்ள உறவே, நோயாளியால் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர் வரை நீள்கிறது. பொது ஆபத்து தொடங்கும் இடத்தில் ரகசியக் காப்பு முடிகிறது என்று டோப்ரினர் எழுதினார்.

இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. 1974-ல் நீதிமன்றம் பேசியது எச்சரிக்கும் கடமையை. 1976-ல் அது பாதுகாக்கும் கடமையாக விரிந்தது. எச்சரிப்பது அதற்கு ஒரு வழி, போலீசுக்குச் சொல்வது இன்னொரு வழி, சூழ்நிலையைப் பார்த்து நியாயமானதைச் செய்யவேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் மருத்துவர்களின் மனதில் பதிந்துபோனது 1974-ன் சுருக்கமான வாசகம்தான்: நோயாளி மிரட்டினால் உடனே சம்பந்தப்பட்டவருக்கு போன் போடு. சிகிச்சையைத் தீவிரமாக்குவது, மருந்தை மாற்றுவது, அட்மிஷன் போடுவது, ஆயுதத்தை அப்புறப்படுத்துவது எல்லாமே பாதுகாப்புதான். ரகசியத்தைத் தொடாமலே இவற்றில் பலவற்றைச் செய்துவிட முடியும்.

அதே தீர்ப்பில் நீதிபதி வில்லியம் கிளார்க் எழுதிய மாற்றுக்கருத்தும் வலுவானது. வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனதில் வன்முறை எண்ணம் உள்ளவர் சிகிச்சைக்கு வருவார், வந்தால்தான் வாய் திறப்பார், திறந்தால்தான் குணப்படுத்த முடியும். அந்த நம்பிக்கையைக் கெடுத்தால் ஆபத்தானவர்கள் சிகிச்சைக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்கள், வன்முறை கூடத்தான் செய்யும் என்றார் அவர். வெறும் ஊகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எச்சரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கிய அமெரிக்க மாநிலங்களில் கொலை விகிதம் சுமார் 5 சதவீதம் கூடியதாக 2014-ல் வெளிவந்த ஒரு பொருளியல் ஆய்வு கணக்கிட்டது. மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிட்டுப் போடும் இப்படிப்பட்ட கணக்குகளில் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். என்றாலும் கிளார்க் சொன்ன திசையில்தான் அந்த விடை விழுந்திருக்கிறது.

வழக்கில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வைத்த வாதம் வேறு. யார் வன்முறை செய்வார் என்று எங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது, முடியாததைச் செய்யவில்லை என்று தண்டிக்காதீர்கள் என்றார்கள். இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் நோயாளிகள். அவர்களில் உண்மையிலேயே யாரையாவது தாக்கப்போகிறவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும் கெட்டிக்கார மருத்துவர் ஒருவர் எல்லோரையும் பரிசோதிக்கிறார். ஆபத்தான பத்துப் பேரில் ஒன்பது பேரைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் மீதி 990 பேரில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 99 பேரை, ஆபத்தானவர்கள் என்று தவறாகச் சொல்லிவிடுவார். அவர் கை நீட்டிய 108 பேரில் உண்மையில் ஆபத்தானவர்கள் ஒன்பதே பேர். பன்னிரண்டு எச்சரிக்கைகளில் பதினொன்று வீண். ஒவ்வொரு வீண் எச்சரிக்கைக்குப் பின்னாலும் மானம் போன ஒரு நோயாளியும், தூக்கம் கெட்ட ஒரு குடும்பமும் இருக்கும்.

ஆகவே நோயாளி ஆபத்தானவரா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தால் மருத்துவருக்கு வழி பிறக்காது. கலிபோர்னியா சட்டமன்றமே பிறகு இதை உணர்ந்தது. 1985-ல் வந்த சட்டம் வாசலைக் குறுக்கியது. உடல்ரீதியாகத் தாக்கப்போவதாகத் தீவிரமான மிரட்டல் இருக்கவேண்டும், அதை நோயாளி மருத்துவரிடம் தெரிவித்திருக்கவேண்டும், அடையாளம் காணக்கூடிய ஒரு நபரைக் குறித்ததாக அது இருக்கவேண்டும். ஊகத்தின் இடத்தில் காதால் கேட்ட சொல் வந்தது.

அடையாளம் காணக்கூடிய நபர் என்ற நிபந்தனை கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. 1980-ல் அதே நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு அதன் கொடுமையான ஓரத்தைக் காட்டியது. காவலில் இருந்த ஒரு சிறுவன், வெளியே போனால் அக்கம்பக்கத்தில் ஒரு சின்னக் குழந்தையைக் கொல்வேன் என்று சொல்லியிருந்தான். அது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தும் அவனைத் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாள் முடிவதற்குள் அக்கம்பக்கத்து ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கொன்றான். எச்சரிக்கும் கடமை இல்லை என்றது நீதிமன்றம். எந்தக் குழந்தை என்று அவன் சொல்லவில்லை, ஊர் முழுவதையும் எச்சரிக்க முடியாது, அப்படி எச்சரித்தால் அதற்குப் பயனும் இருக்காது என்பது அதன் வாதம். எச்சரிப்பு என்ற கருவியின் எல்லையைப் பற்றி அது சரியாகச் சொன்னது என்றே நினைக்கிறேன். ஆனால் எச்சரிக்க ஆள் இல்லாத இடத்தில்தான் வேறு வழிகளை இன்னும் அழுத்தமாகப் பார்க்கவேண்டும். அவனை அந்தத் தாயிடமாவது முழு விவரத்தோடு ஒப்படைத்திருக்க வேண்டாமா?

யாரிடம் சொல்வது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து நல்ல உதாரணம் ஒன்று உண்டு. ஐந்து பேரைக் கொன்று பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த ஒருவர், தன்னை இடம்மாற்றக் கோரி விண்ணப்பித்தார். அவருடைய வழக்கறிஞர்கள் எக்டெல் என்ற மனநல மருத்துவரிடம் அறிக்கை கேட்டார்கள். வெடிபொருள்மேல் அவருக்கு நீண்டகாலமாக இருந்த மோகத்தைச் சொல்லி, இவர் இன்னும் ஆபத்தானவர் என்று எக்டெல் எழுதிவிட்டார். வழக்கறிஞர்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று அறிக்கையை ஓரங்கட்டினார்கள். எக்டெல் சும்மா இருக்கவில்லை. அறிக்கை மருத்துவமனைத் தலைவருக்கும் உள்துறைக்கும் போய்ச் சேரும்படி செய்தார். நோயாளி வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989-ல் எக்டெல் பக்கம் நின்றது, ஆனால் ஒரு கோட்டையும் போட்டது. இதே அறிக்கையை அவர் பத்திரிகைக்கு விற்றிருந்தாலோ, தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருந்தாலோ ரகசியக் கடமையை மீறியவர் ஆகியிருப்பார். அதே தகவல்தான். முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர் கைக்குப் போனால் நியாயம், மற்றவர் காதுக்குப் போனால் துரோகம். பெர்க்லியில் தகவல் போன இடம் தவறில்லை. அங்கேயே அது நின்றுவிட்டதுதான் தவறு.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, நோயாளியின் தகவலை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை என்று சொல்லிவிட்டு விதிவிலக்குகளைத் தருகிறது. இன்னொருவரை வன்முறையிலிருந்தோ தீங்கிலிருந்தோ பாதுகாக்கத் தேவைப்பட்டால் சொல்லலாம் என்பது அவற்றில் ஒன்று. அந்தத் தீங்கைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டுமே சொல்லவேண்டும் என்று அதே பட்டியல் கட்டுப்படுத்துகிறது. மருத்துவர்களின் நடத்தை பற்றிய 2002-ம் ஆண்டு விதிகளும், குறிப்பிட்ட ஒரு நபருக்கோ சமூகத்துக்கோ தீவிரமான ஆபத்து இருப்பது தெரிந்தால் ரகசியத்தைச் சொல்ல இடம் கொடுக்கின்றன. கவனிக்கவேண்டியது, 23-வது பிரிவு ‘சொல்லலாம்’ என்கிறது, ‘சொல்லியே ஆகவேண்டும்’ என்று சொல்லவில்லை. கலிபோர்னியா மருத்துவர் நஷ்டஈட்டுக்குப் பயந்து சொல்லவேண்டியிருக்கிறது. நம் மருத்துவர் தன் மனசாட்சியோடும் கேஸ் ஷீட்டோடும் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கவேண்டியிருக்கிறது.

அந்த முடிவு எப்படி உருவாகிறது என்பதை ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல ஓ.பி. 36 வயது லோடு வேன் ஓட்டுநர். தூக்கம் இல்லை என்று வந்தவர், இது மூன்றாவது வருகை. நான்கு மாதமாக மனைவி குழந்தையோடு தாய்வீட்டில் இருக்கிறார். குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு. பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார்: “பதினெட்டாம் தேதி வாய்தாவுக்கு வருவா இல்ல டாக்டரம்மா, அன்னைக்கு முடிச்சிடுறேன்.”

நம் ஊரில் ‘கொன்னுடுவேன்’ என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. சோறு சிந்திய பிள்ளையிடம் தாய் சொல்கிறாள், கடன் திருப்பாத நண்பனிடம் நண்பன் சொல்கிறான். இந்தச் சொல்லைக் கேட்ட உடனே போலீசைக் கூப்பிடும் மருத்துவர் ஒரு வாரத்தில் ஓ.பி.யை மூடவேண்டியதுதான். அதனால் முதல் வேலை, அவசரப்படாமல் கேட்பது. பயந்து பேச்சை மாற்றுவது பெரிய தவறு. மாற்றினால் அவர் மறுபடி அதைப் பற்றிப் பேசமாட்டார்.

“முடிச்சிடுறேன்னா என்ன தம்பி? என்ன செய்யலாம்னு இருக்கீங்க?”

“அருவா வண்டில சீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு.”

“எப்ப வாங்கினீங்க?”

“போன மாசம்.”

இந்த மூன்று வரியில் கோபம் திட்டமாக மாறியிருப்பது தெரிகிறது. ஆள் தெரியும், நாள் தெரியும், இடம் தெரியும், ஆயுதம் கையில் இருக்கிறது. மருத்துவர் மேலும் கேட்கிறார். மனைவி வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் இரண்டு முறை போய் நின்று பார்த்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அடித்ததில் மனைவிக்குக் கை எலும்பு முறிந்திருக்கிறது. தினமும் குடிக்கிறார். இதுவரை எது தடுத்தது என்று கேட்டால், “பாப்பா இருக்கே” என்கிறார். பலர் கேட்க மறக்கும் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. தடுக்கும் கயிறு ஒன்று இருக்கிறதா, அது எவ்வளவு உறுதி என்பதை அதுதான் காட்டும். வாய்தாவில் குழந்தை மனைவியோடுதான் என்று முடிவானால் அந்தக் கயிறும் அறுந்துவிடும் என்பதை மருத்துவர் குறித்துக்கொள்கிறார்.

அடுத்தது, இது நோயா, கோபமா? இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு என்று அவர் நம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரம் கேட்டால், ஜவுளிக்கடைப் பொம்மைக்குக் கட்டியிருக்கும் சேலையின் நிறம் தினமும் தனக்குச் சைகை சொல்கிறது என்கிறார். இது மருந்தால் குறையக்கூடிய பிறழ்நம்பிக்கை. இவர் அட்மிஷனுக்குச் சம்மதிக்காவிட்டாலும், சட்டத்தின் 89-வது பிரிவின்படி சேர்க்க வழி உண்டு. அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்கவேண்டும், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சேர்க்கை அவசியம் என்று முடிவுக்கு வரவேண்டும். இன்னொருவரிடம் வன்முறையாக நடந்திருப்பது, தன்னால் தீங்கு வரும் என்று இன்னொருவரைப் பயப்படும்படி வைத்திருப்பது அதற்கான காரணங்களில் அடங்கும். முப்பது நாள் வரை வைத்திருக்கலாம். பதினெட்டாம் தேதி வார்டுக்குள் கழிந்துவிடும். இங்கே ஒரு விபரீதத்துக்கும் வாய்ப்பு இருக்கிறது. நோயாளி யாரையும் நியமிக்கவில்லை என்றால் உறவினரே பிரதிநிதி ஆகிறார், கேஸ் ஷீட்டில் உறவினர் என்று எழுதியிருப்பது மனைவியின் பெயராக இருக்கலாம். யோசிக்காமல் அவரைக் கையெழுத்துப் போட வரச் சொன்னால், மிரட்டப்பட்டவரை மிரட்டியவரின் எதிரில் மருத்துவமனையே கொண்டுவந்து நிறுத்தியதாகும். அண்ணனோ அம்மாவோ இருந்தால் அவர்களைக் கூப்பிடவேண்டும்.

இன்னொரு கிளைதான் கடினம். அவருக்குப் பிறழ்நம்பிக்கை எதுவும் இல்லை. தூக்கமின்மை, குடி, அவமானம், ஆத்திரம். தெளிவான புத்தியோடு கொல்ல நினைக்கும் மனிதரை மனநல வார்டில் அடைக்க முடியாது, அது வார்டின் வேலையும் இல்லை. முதலில் ரகசியம் மீறாத வழிகள். குடியை நிறுத்த உள்நோயாளியாக அவராகவே சேரச் சம்மதிப்பாரா? அருவாளை அண்ணனிடம் கொடுத்துவிடச் சம்மதித்து, அண்ணன் மருத்துவருக்கு போன் செய்து அதை உறுதிப்படுத்துவாரா? பதினெட்டுக்கு முன்னால் இரண்டு முறையாவது வருவாரா? இவற்றுக்கெல்லாம் சரி என்றால், நிலைமை நாளுக்கு நாள் கவனிக்கவேண்டிய ஒன்றாக மாறுகிறது. போன் செய்யவேண்டிய கட்டாயம் இன்னும் வரவில்லை. “நான் எங்கேயும் வரமாட்டேன், அருவாளையும் தரமாட்டேன், நீங்க தூக்கத்துக்கு மாத்திரை மட்டும் குடுங்க” என்றால் மற்ற வழிகள் தீர்ந்துவிட்டன. இப்போது ரகசியத்தை மீறுவது நியாயம் மட்டுமல்ல, மீறாமல் இருப்பதற்கு மருத்துவர் பதில் சொல்லவேண்டும் என்பேன்.

அதை அவரிடமே முதலில் சொல்வது நல்லது. “தம்பி, நீங்க சொன்னத நான் வெளிய சொல்லித்தான் ஆகணும். நீங்க இங்க இருக்கும்போதே செய்றேன்.” சிலர் கத்துவார்கள். சிலருக்கு உள்ளூர நிம்மதி. தன்னை யாராவது தடுத்துவிட வேண்டும் என்ற ஆசை இல்லாதவர் மருத்துவரிடம் வந்து தேதி சொல்லிக்கொண்டிருக்கமாட்டார். ஆனால் அவர் அறையை விட்டு வெளியேறி நேராக ஜவுளிக்கடைக்குப் போய்விடுவார் என்று பட்டால், முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பதே சரி.

போலீசுக்குச் சொல்லும்போது, அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி, இடம், ஆயுதம், வண்டி எண்ணோடு எழுத்தில் கொடுக்கவேண்டும். இவர் நிதானமாகப் பேசுவார், அதை வைத்து விட்டுவிடாதீர்கள் என்ற வரியும் சேரவேண்டும். கொடுத்துவிட்டால் தன் பொறுப்பு கழிந்தது என்று நினைப்பதுதான் பெர்க்லி சறுக்கிய இடம். மறுநாள் காலை கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்காத மருத்துவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

மனைவியிடம் மருத்துவரே பேசவேண்டும். நர்ஸ் மூலம் வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம். இன்னார் பேசுகிறேன், உங்கள் கணவர் பதினெட்டாம் தேதி நீதிமன்றத்துக்கு வரும்போது உங்களைக் கொல்லப்போவதாகச் சொல்லியிருக்கிறார், அவரிடம் அருவாள் இருக்கிறது, போலீசுக்குச் சொல்லியிருக்கிறேன், உங்கள் வக்கீலிடம் சொல்லி வாய்தாவுக்குப் பாதுகாப்புக் கேளுங்கள், 181 பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். இவ்வளவுதான் தகவல். அந்தப் பக்கத்திலிருந்து நிச்சயம் வரும் கேள்வி: “அவருக்கு என்ன வியாதி டாக்டர்? என்ன மாத்திரை குடுக்குறீங்க?” அதற்குப் பதில் இல்லை. அந்த விவரம் அவர் உயிரைக் காக்காது. விவாகரத்து வழக்கில் நாளை ஆதாரமாக வேண்டுமானால் பயன்படும். “அவர் சொன்னதையும், நான் அத நம்புறேங்கிறதையும் மட்டும்தான் சொல்ல முடியும்மா.” இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும்: இதைக் கேட்டுவிட்டு அவருக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள், உங்கள் அண்ணன் தம்பிகளை அனுப்பி அடிக்காதீர்கள். எச்சரிக்கையே சில நேரம் வன்முறைக்குத் திரி கொளுத்திவிடும்.

எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுவது, வேறு ஒரு மூத்த மருத்துவரிடம் கலந்து பேசி அதையும் பதிவது, இவை மருத்துவருக்கான கவசம் மட்டுமில்லை. ஏன் மீறினேன் என்பதை எழுதிப் பார்க்கும்போதுதான் காரணம் பலவீனமாக இருந்தால் தெரியும். அவர் பார்த்த பார்வை சரியில்லை என்று மட்டும்தான் எழுத முடிகிறது என்றால் மீறக்கூடாது. இந்த விதிவிலக்கு இருப்பதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடும் பழக்கம் அமெரிக்காவில் பரவலாக உண்டு. நம் நெரிசல் ஓ.பி.க்களிலும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் தவிர. ஆத்திரப்பட்டதைச் சொன்னாலே போலீஸ் வரும் என்று நோயாளி பயப்படவும் இதில் இடமில்லை.

பதினெட்டாம் தேதி ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எச்சரித்ததால் நடக்கவில்லையா, எப்படியும் நடந்திருக்காதா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பதினொன்றில் இவர் ஒருவரா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஓட்டுநருக்கு அடுத்த வருகையின் தேதி தரப்பட்டே ஆகவேண்டும், அவர் கோபித்துக்கொண்டு வராவிட்டால் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஒரு மாதம் கழித்து மனைவி மருத்துவருக்கு போன் செய்கிறார்: “இப்ப பரவாயில்லையா டாக்டர்? நான் வேலைக்குப் போகலாமா?” ஆபத்தைச் சொல்ல அனுமதித்த விதி, ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்வதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவர் மருந்து சாப்பிடுகிறார், குடிக்கவில்லை என்றெல்லாம் சொன்னால் அது மறுபடி ரகசிய மீறல். இனிப் பயமில்லை என்று உறுதி சொன்னால் அது எந்த மருத்துவராலும் தர முடியாத உத்தரவாதம். பழையபடி ஏதாவது சொன்னார் என்றால் உடனே கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லலாம். அந்த ஒரு வாக்கை நம்பி அவர் கடைக்குப் போவதா வேண்டாமா என்று அவரேதான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.